அறிவிப்பில் வரும் சொல் எதைச் சொல்கிறது? ஹாட்ஃபிக்ஸ், பேட்ச், சர்வீஸ் பேக், ரிலீஸ் கேண்டிடேட்

தியாகராய நகரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தின் கணினிகளை நான் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அங்கே கணக்கு எழுதும் அம்மையாரிடமிருந்து மாதம் ஒருமுறையாவது ஒரே கேள்வி தொலைபேசியில் வரும்: “சார், ஏதோ அப்டேட் வந்திருக்குன்னு காட்டுது, போடட்டுமா வேண்டாமா?” எந்த அப்டேட் என்று கேட்டால், திரையில் உள்ளதை எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஒரு மாதம் ஹாட்ஃபிக்ஸ் என்பார், அடுத்த மாதம் செக்யூரிட்டி பேட்ச் என்பார், ஒருமுறை ரிலீஸ் கேண்டிடேட் என்றும் வந்தது. அவர் எந்தச் சொல்லைப் படிக்கிறார் என்பதைப் பொறுத்து என் பதிலும் மாறும். ஏன் மாறுகிறது என்பதை அவருக்கு ஒருநாள் உட்கார்ந்து விளக்க நேர்ந்தது. அந்த விளக்கத்தைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

இந்தச் சொற்கள் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஹாட்ஃபிக்ஸிலும் சர்வீஸ் பேக்கிலும் இருப்பவை திருத்தப்பட்ட அதே கோப்புகள்தாம். அந்தக் கோப்புகள் எழுதப்பட்டதற்கும் நம் கைக்கு வந்ததற்கும் இடையில் எவ்வளவு சோதனை நடந்தது, யாருக்காக அவை வெளியிடப்பட்டன என்ற இரண்டையும்தான் சொல் காட்டுகிறது. இதைப் புரிந்துகொள்ள, இன்று ஓய்வுபெற்றுவிட்ட ஒரு மென்பொருளின் வாழ்க்கையைப் பின்தொடர்வதே எளிது. விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. பதினாறு ஆண்டுகளுக்குள் இந்தச் சொற்கள் அத்தனையும் அதன்மேல் ஒருமுறையாவது ஒட்டப்பட்டன.

எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கிலிருந்து தொடங்கலாம். 2003-இல் பிளாஸ்டர் என்ற புழு உலகெங்கும் கணினிகளைத் தொற்றிய பிறகு, மைக்ரோசாஃப்ட் இந்தத் தொகுப்பில் பாதுகாப்புக்கே முதலிடம் கொடுத்தது. அது நேராகப் பொதுமக்களிடம் வந்துவிடவில்லை. முதலில் பீட்டா என்ற நிலையில் குறிப்பிட்ட சிலரிடம் கொடுக்கப்பட்டது. பீட்டா என்றால், வேலைகள் ஏறத்தாழ முடிந்திருந்தாலும் பிழைகள் இருக்கும் என்று தயாரித்தவரே ஒப்புக்கொள்ளும் நிலை. அதற்கு முந்தைய ஆல்ஃபாவை நம்மைப் போன்றவர்கள் பார்ப்பதே அரிது. பிறகு 2004 மார்ச்சில் முதல் ரிலீஸ் கேண்டிடேட்டும் ஜூனில் இரண்டாவதும் வெளிவந்தன. ரிலீஸ் கேண்டிடேட் என்பதன் பொருள் ‘வெளியீட்டுக்கான வேட்பாளர்’ என்பதே. தயாரித்தவர் இதில் புதிதாக எதையும் சேர்க்கப் போவதில்லை. பெரிய பிழை எதுவும் கண்ணில் படாவிட்டால் இதையே இறுதிப் பதிப்பாக அறிவித்துவிடலாம் என்று எண்ணுகிறார். வேட்பாளர் என்பதால் தோற்கவும் செய்யலாம். முதல் வேட்பாளர் தோற்றதால்தான் இரண்டாவது ஒன்று தேவைப்பட்டது.

ஆகவே அறிவிப்பில் ஆர்சி1, ஆர்சி2 என்று எண்ணுடன் வரும் சொல்லைக் கண்டால், அது இன்னும் வெளியிடப்படாத பொருள் என்று கொள்ள வேண்டும். அலுவலகக் கணினியில் அதைப் போடக் கூடாது என்பதற்குப் பிழைகளைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. சோதனைப் பதிப்புகளுக்குக் காலக்கெடு வைக்கப்படுவது வழக்கம். விண்டோஸ் 7-இன் ரிலீஸ் கேண்டிடேட் 2009 மே மாதம் இலவசமாகக் கொடுக்கப்பட்டபோது, நம் ஊரிலும் பலர் அதைப் போட்டுக்கொண்டு முழு விண்டோஸே கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தார்கள். 2010 மார்ச் 1 முதல் அந்தக் கணினிகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாமாகவே அணையத் தொடங்கின; ஜூன் 1-இல் அப்பதிப்பு காலாவதியானது. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் ஒரு கணக்கு அலுவலகத்தில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சிறு எச்சரிக்கை: இச்சொல்லை எல்லோரும் ஒரே கண்டிப்போடு பயன்படுத்துவதில்லை. லினக்ஸ் கெர்னலில் வாரத்துக்கு ஒன்று வீதம் ஆர்சி1-இல் தொடங்கி ஆர்சி7 வரை, சில வேளைகளில் ஆர்சி8 வரை வரும். அங்கே ஆர்சி1 என்பது பிழை திருத்தும் காலத்தின் தொடக்கமே தவிர, வெளியீட்டின் வாசற்படி அன்று.

எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் 2004 ஆகஸ்டில் ஆர்டிஎம் நிலையை அடைந்தது. குறுந்தகடு அச்சிடும் ஆலைக்கு அனுப்பத் தகுதியானது என்பதே அந்த எழுத்துகளின் பொருள். இன்று தகடும் இல்லை, ஆலையும் இல்லை. ஆனாலும் அந்த எழுத்துகள் இன்னும் சில அறிவிப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பலர் இப்போது அதே நிலையை ஸ்டேபிள் என்றோ பொது வெளியீடு என்றோ சொல்கிறார்கள்.

சர்வீஸ் பேக் என்பது, ஒரு மென்பொருள் வெளிவந்ததிலிருந்து அதுவரை வந்த திருத்தங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, அவை ஒன்றோடொன்று முரண்படாமல் வேலை செய்கின்றனவா என்று மாதக்கணக்கில் சோதித்து, ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவது. அலுவலகங்களுக்கான இந்தப் பொட்டலம் சுமார் 266 எம்பி அளவுடையது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைத் தொட்ட அந்நாட்களில், நொடிக்கு ஐந்து கிலோபைட் என்று கணக்கிட்டால்கூட, அதை இறக்குவதற்குப் பதினைந்து மணி நேரம் பிடிக்கும். யாரிடமாவது குறுந்தகட்டில் வாங்கிக்கொள்வதே நடைமுறையாக இருந்தது. நான் முதலில் போட்டது ரிச்சி தெருவில் ஒரு நண்பரின் கடையில் நகலெடுத்த தகட்டிலிருந்துதான்.

திருத்தங்களின் மூட்டை என்று மட்டும் அதை எண்ணினால் தவறாகிவிடும். இரண்டாவது சர்வீஸ் பேக்கைப் போட்டவுடன் விண்டோஸின் ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது. அதுவரை அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதனால் வெளியிலிருந்து வரும் இணைப்புக்காகக் காத்திருக்கும் பல மென்பொருள்கள் மறுநாள் காலையில் பேசவில்லை, அவற்றின் பெயர்ப் பட்டியலை மைக்ரோசாஃப்டே வெளியிட்டது. அதிகம் சோதிக்கப்பட்டது என்பதற்கு உங்கள் கணினியில் எதையும் மாற்றாது என்று பொருளல்ல. அதிகம் சோதிக்கப்பட்டதுதான் பெரும்பாலும் அதிகமாக மாற்றும்.

இங்கே ஒரு சிறிய பயிற்சி. எக்ஸ்பி உள்ள கணினியில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ரன் என்பதில் `winver` என்று தட்டச்சிட்டால் ஒரு பெட்டி திறக்கும். இரண்டாவது சர்வீஸ் பேக் போட்டிருந்தால் அதில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Version 5.1 (Build 2600.xpsp_sp2_rtm.040803-2158 : Service Pack 2)
```

மிரட்டும் இந்த வரி உண்மையில் ஒரு பிறப்புச் சான்றிதழ். 2600 என்பது எக்ஸ்பியின் அடிப்படை எண். அது 2001-இலிருந்து மாறவே இல்லை. அடுத்து வருவது இரண்டாவது சர்வீஸ் பேக்கின் கிளை, அதையடுத்து ஆர்டிஎம். கடைசியில் உள்ள எண்களை இரண்டிரண்டாகப் பிரித்தால் 2004, ஆகஸ்ட் 3, இரவு 9 மணி 58 நிமிடம் என்று வரும். அந்தத் தொகுப்பு கட்டப்பட்ட நேரம் அது. பிற்பாடு பேட்ச்கள் போடப்பட்ட சில கணினிகளில் `rtm` இருந்த இடத்தில் `gdr` என்ற எழுத்துகள் இருக்கும். அவை எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்ல ஹாட்ஃபிக்ஸ் பக்கம் போக வேண்டும்.

அந்தத் தொகுப்பு வெளிவந்த சில நாட்களுக்குள் ஒரு புகார் எழுந்தது. ஒரு கணினி தன்னோடு தானே பேசிக்கொள்வதற்கென்று 127 என்ற எண்ணில் தொடங்கும் ஒரு முகவரி வரிசை உண்டு. பெரும்பாலான மென்பொருள்கள் அதில் முதலாவதான `127.0.0.1` என்பதையே பயன்படுத்துகின்றன. தொலைவிலிருந்து அலுவலகத்தோடு இணைக்கும் விபிஎன் மென்பொருள்கள் சில அதே வரிசையில் வேறு எண்களையும் பயன்படுத்தி வந்தன. புதிய சர்வீஸ் பேக் முதல் எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தடுத்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கையில் சிலர்தான். ஆனால் அந்தச் சிலருக்கு வேலையே நின்றுவிட்டது. அவர்களுக்காக அவசரமாக ஒரு திருத்தம் தயாரானது. அதன் எண் 884020. அதுதான் ஹாட்ஃபிக்ஸ். பிறகு அது எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படியும் வைக்கப்பட்டது.

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தாமலேயே பழுது பார்ப்பது என்ற பொருளில் பிறந்த சொல் இது என்பார்கள். ஆனால் மைக்ரோசாஃப்ட் உலகில் அதன் பொருள் வேறாகிவிட்டது. மறுதொடக்கம் கேட்கும் ஹாட்ஃபிக்ஸ்கள் ஏராளம். சூடு என்பது இங்கே அவசரத்தைத்தான் குறிக்கிறது. ஒரு குறிப்பிட்ட சிக்கலால் கைகட்டி நிற்கும் வாடிக்கையாளருக்காக எழுதப்பட்டு, அந்தச் சிக்கல் தீர்ந்ததா என்று மட்டும் பார்க்கப்பட்டு, கொடுக்கப்படுவது. அது வேறு எதையாவது கெடுக்கிறதா என்ற முழுச் சோதனை அதற்கு நடந்திராது. அந்நாளைய ஹாட்ஃபிக்ஸ் குறிப்புகளிலேயே இது வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது: இந்தச் சிக்கல் உள்ள கணினிகளில் மட்டும் போடுங்கள், உங்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லையென்றால் அடுத்த சர்வீஸ் பேக் வரும்வரை காத்திருங்கள் என்று. இவ்வளவு நேர்மையான வாசகத்தை நான் மென்பொருள் உலகில் அதிகம் கண்டதில்லை. ஆனால் அறிவிப்பைப் படிக்கும் நம்மவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘ஹாட்’ என்று வந்ததால் எல்லோரும் உடனே போட்டாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஹாட்ஃபிக்ஸ் என்ற சொல்லைக் கண்டதும் கேட்க வேண்டியது, அதில் விவரிக்கப்படும் கோளாறு என் கணினியில் இருக்கிறதா என்ற ஒரு கேள்விதான். இல்லையென்றால் காத்திருப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

எக்ஸ்பி காலத்தில் இந்த வேறுபாடு கோப்புகளுக்குள்ளும் பதிந்திருந்தது. ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைத் திறந்து பார்த்தால், அதற்குள் ஒரே கோப்பு இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று `gdr` கிளை. எல்லோருக்குமான, நன்கு சோதிக்கப்பட்ட திருத்தங்கள் மட்டும் சேர்ந்தது. மற்றொன்று `qfe` கிளை. அவற்றோடு அதுவரை வந்த ஹாட்ஃபிக்ஸ்களும் சேர்ந்தது. நிறுவும் நிரல் உங்கள் கணினியைப் பார்த்து எந்தப் பிரதியைப் போடுவது என்று தானே முடிவு செய்யும். அந்தக் கோப்புக்கு நீங்கள் முன்பே ஒரு ஹாட்ஃபிக்ஸ் போட்டிருந்தால், அதற்குப் பின் வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் அந்த இரண்டாம் கிளையிலிருந்தே வரும். கைமாற்றாக ஒருமுறை வாங்கிய கடன் அடுத்த மாதங்களின் கணக்கிலும் வந்து நிற்பதுபோல, தேவையில்லாமல் போட்ட ஒரு ஹாட்ஃபிக்ஸ் பின்வருவனவற்றையும் குறைவாகச் சோதிக்கப்பட்ட பாதையில் இட்டுச்செல்லும்.

பேட்ச் என்பது இவற்றில் மிகப் பழைய சொல். பொருளும் மிக எளியது. துளையிட்ட காகித நாடாவில் நிரல்களை எழுதிய காலத்தில், தவறான துளைகளின்மேல் காகிதத் துண்டை ஒட்டித் திருத்தினார்கள். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப்போடுவதே இது. இன்று எந்தத் திருத்தத்தையும் பேட்ச் என்று சொல்லலாம். ஹாட்ஃபிக்ஸும் ஒரு பேட்ச்தான். ஆனால் அறிவிப்பில் தனியாக வரும்போது, குறிப்பாகச் செக்யூரிட்டி என்ற சொல்லோடு வரும்போது, அது வெளியார் உள்ளே நுழையக்கூடிய ஒரு ஓட்டையை அடைப்பதைக் குறிக்கிறது. ஹாட்ஃபிக்ஸுக்குச் சொன்ன அறிவுரை இங்கே பொருந்தாது. என் கணினியில் எந்தக் கோளாறும் தெரியவில்லையே என்று காத்திருப்பது இங்கே ஆபத்து, ஏனென்றால் ஓட்டை இருப்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. மேலும், பேட்ச் வெளியானவுடன் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, எங்கே மாற்றம் நடந்திருக்கிறது என்று பார்த்தே ஓட்டையைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அறிவிப்பு வந்த நாளே அவர்களுக்கும் தொடக்க நாள்.

மைக்ரோசாஃப்ட் இவற்றை 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் வெளியிட்டு வருகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்பது சென்னையில் கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. எனவே நமக்கு அது புதன்கிழமைக் காலைச் சமாச்சாரம். மாதம் புதனன்று பிறந்தால் அது மூன்றாவது புதனாகிவிடும் என்பதால், இரண்டாவது புதன் என்று நாட்காட்டியில் குறித்து வைத்த என் பழக்கம் ஒருமுறை என்னை ஏமாற்றியது. இந்த முறைநாளுக்காகக் காத்திருக்காமல் இடையில் வரும் திருத்தத்துக்கு அவுட் ஆஃப் பேண்ட் என்று பெயர். நிலைமை அவ்வளவு மோசம் என்றோ, சென்ற செவ்வாயன்று வந்ததே எதையோ உடைத்துவிட்டது என்றோ அதற்குப் பொருள்.

2017 மார்ச் 14, ஒரு செவ்வாய்க்கிழமை. கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைக்கும் பேட்ச் `MS17-010` என்ற பெயரில் அன்று வெளிவந்தது. எக்ஸ்பிக்கு அது கொடுக்கப்படவில்லை. எக்ஸ்பியின் ஆதரவுக்காலம் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே முடிந்துவிட்டிருந்தது. 59 நாட்கள் கழித்து, மே 12 வெள்ளிக்கிழமை, வான்னாக்ரை என்ற புழு அதே ஓட்டை வழியாக உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. யாரும் எதையும் சொடுக்கத் தேவையில்லை. வலையமைப்பில் ஒரு கணினி சிக்கினால் பேட்ச் போடாத மற்றவற்றை அது தானே தேடிப் போனது. அதிகம் சிக்கியவை எக்ஸ்பி கணினிகள் அல்ல, விண்டோஸ் 7 கணினிகள். அதாவது பேட்ச் கிடைத்தும் இரண்டு மாதம் போடாமல் விட்டவை. ஆனாலும் மைக்ரோசாஃப்ட் அந்த வாரக்கடைசியிலேயே எக்ஸ்பிக்கும் ஒரு பேட்சை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டது. ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆன பதிப்புக்கு அப்படிச் செய்வது வழக்கமே இல்லை.

தணிக்கையாளர் அலுவலகத்தில் அப்போது ஒரு எக்ஸ்பி கணினி இருந்தது. பழைய ஆண்டுகளின் கணக்குகள் இருந்த மென்பொருள் வேறெதிலும் திறக்கவில்லை என்பதால் அதை மட்டும் மூலையில் வைத்திருந்தார்கள். ஆனால் வலையமைப்புக் கம்பி மாட்டியே இருந்தது. சனிக்கிழமை காலை நான் போய் முதலில் செய்தது அந்தக் கம்பியைக் கழற்றியதுதான். பிறகு வேறொரு கணினியில் பேட்சை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தேன். கோப்பின் பெயர் இப்படித் தொடங்கியது:

```
WindowsXP-KB4012598-x86-custom-ENU
```

பெயரிலேயே பாதிக் கதை இருக்கிறது. `KB` என்பதை அடுத்து வருவது அந்தத் திருத்தத்துக்கான விளக்கக் குறிப்பின் எண். அறிவிப்பில் வேறு எந்தச் சொல் புரியாவிட்டாலும் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டால், அதன் குறிப்பைத் தேடிப் படித்துவிடலாம். `x86` என்பது 32 பிட் கணினிக்கு உரியது என்பதையும் `ENU` என்பது ஆங்கிலப் பதிப்புக்கு உரியது என்பதையும் காட்டும். `custom` என்பது, ஆதரவு முடிந்த பிறகும் தனிக் கட்டணம் செலுத்திவந்த பெரிய நிறுவனங்களுக்காகத் தயாரிக்கப்பட்டது அது என்பதன் தடயம். அன்றுதான் அது மற்றவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

கோப்பை இயக்கினேன். கணினியில் இருக்கும் சர்வீஸ் பேக் போதாது என்று சொல்லி அது நின்றுவிட்டது. `winver` பெட்டியைத் திறந்து பார்த்தபோது, நான் மேலே காட்டிய அதே 2004 ஆகஸ்ட் வரி. முதலில் யாரோ நிறுவிய தகட்டில் இருந்ததோடு அது நின்றுவிட்டிருந்தது. மூன்றாவது சர்வீஸ் பேக் போடப்படவே இல்லை. ஒட்டுப்போட வேண்டுமானால் கீழே உள்ள துணி ஒட்டைத் தாங்க வேண்டும் அல்லவா? பேட்ச் மாற்றுவது ஓரிரு கோப்புகளைத்தான். ஆனால் அந்தக் கோப்புகள் சுற்றிலும் மூன்றாவது சர்வீஸ் பேக்கின் கோப்புகள் இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டவை, சோதிக்கப்பட்டவை. இரண்டாவது சர்வீஸ் பேக்குக்கு ஆதரவு 2010 ஜூலையிலேயே நின்றுவிட்டதால், அதன்மேல் எதையும் யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை. அறிவிப்புகளில் ‘முன்தேவை’ என்ற பொருளில் ஒரு வரி வரும். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் வரியும் அதுவே.

ஆகவே முதலில் மூன்றாவது சர்வீஸ் பேக்கைப் போட வேண்டியிருந்தது. சர்வீஸ் பேக்குகள் திரட்டு வகையைச் சேர்ந்தவை. மூன்றாவதில் முதல் இரண்டின் திருத்தங்களும் அடக்கம். ஆனாலும் அது குறைந்தது முதலாவது சர்வீஸ் பேக்காவது கணினியில் இருக்க வேண்டும் என்று கேட்கும். எங்களிடம் இரண்டாவதே இருந்ததால் அந்தத் தொல்லை இல்லை. போடுவதற்கு முன் இரண்டு காரியங்கள் செய்தேன். பழைய கணக்குக் கோப்புகளை ஒரு வெளி வன்தட்டில் நகலெடுத்தேன். பிறகு பிராசஸர் இன்டெல்லா ஏஎம்டியா என்று பார்த்தேன். இது 2008-இன் பாடம்: இன்டெல் கணினியில் தயாரித்த விண்டோஸ் நிறுவலின் முழு நகலை ஏஎம்டி கணினிகளிலும் சில தயாரிப்பாளர்கள் நிறுவி விற்றிருந்தார்கள், மூன்றாவது சர்வீஸ் பேக் போட்டதும் அவை மறுதொடக்கம், மறுதொடக்கம் என்று முடிவில்லாமல் சுற்றத் தொடங்கின. சேஃப் மோடில் துவக்கி இன்டெல்லுக்கான ஒரு டிரைவரை அணைத்தால்தான் நின்றன. எங்களுடையது இன்டெல். ஒரு மணி நேரத்துக்குள் நிறுவல் முடிந்து, `winver` பெட்டியில் Service Pack 3 என்று வந்தது.

இந்த மூன்றாவது சர்வீஸ் பேக்கின் பிறப்பிலும் ஒரு கதை உண்டு. அது 2008 ஏப்ரல் 21-இல் ஆர்டிஎம் ஆகி, 29-ஆம் தேதி பொதுமக்களுக்குக் கிடைப்பதாக இருந்தது. கடைசி நேரத்தில், கடைகளில் பில் போடுவதற்கு மைக்ரோசாஃப்டே விற்றுவந்த ஒரு மென்பொருளோடு அது ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. வெளியீடு தள்ளிப்போய், அந்த மென்பொருள் உள்ள கணினிகளுக்கு மட்டும் போகாதபடி ஒரு வடிகட்டி வைத்து, மே 6-இல்தான் வெளிவந்தது. எல்லாச் சோதனைகளையும் தாண்டி இறுதி முத்திரை பெற்றதற்கே இந்த நிலை.

அதன்பின் பேட்சை மீண்டும் இயக்கினேன். இரண்டு நிமிடம், ஒரு மறுதொடக்கம். அது உண்மையில் உட்கார்ந்ததா என்று `winver` காட்டாது. அதில் சர்வீஸ் பேக் மட்டும்தான் தெரியும், தனித்தனி பேட்ச்கள் தெரியாது. கண்ட்ரோல் பேனலில் மென்பொருள்களைச் சேர்க்கும், நீக்கும் பகுதியில் அப்டேட்களைக் காட்டும்படி குறியிட்டுப் பார்க்க வேண்டும். இன்னொரு தடயம் வட்டிலேயே இருக்கும்:

```
C:\WINDOWS\$NtUninstallKB4012598$
```

மறைத்து வைக்கப்பட்ட இந்தக் கோப்புறையில் இருப்பவை மாற்றப்பட்ட கோப்புகளின் பழைய பிரதிகள். பேட்சால் ஏதேனும் கெட்டால் திரும்பிப் போவதற்கான வழி அதுதான். இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று இந்தக் கோப்புறைகளை அழித்துவிட்டால், பிறகு அந்தப் பேட்சை நீக்க முடியாது.

இவ்வளவையும் கேட்ட அந்த அம்மையார், “அப்ப இப்ப என் கம்ப்யூட்டர்ல சர்வீஸ் பேக்னு ஒண்ணும் வரதில்லையே, ஏன் சார்?” என்று கேட்டார். சரியான கேள்வி. வீட்டு, அலுவலகக் கணினிகளுக்கான விண்டோஸில் கடைசியாக வந்த சர்வீஸ் பேக், 2011 பிப்ரவரியில் விண்டோஸ் 7-க்கு வந்தது. இப்போது அதன் இடத்தில் இருப்பது கியூமுலேடிவ் அப்டேட். ஒவ்வொரு மாதமும் வருவதிலேயே முந்தைய மாதங்களின் திருத்தங்கள் அடங்கிவிடுகின்றன. நான்கு மாதம் போடாமல் விட்டவர் ஐந்தாவதை மட்டும் போட்டால் போதும். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு: பத்துத் திருத்தங்களில் ஒன்று உங்கள் பிரிண்டரைக் கெடுத்தால், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஒன்பதைப் போட வழியில்லை. அப்கிரேடு என்ற சொல்லை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குப் போவதுபோல வேறொரு பதிப்புக்கே மாறுவது அது.

பழைய சொற்களின் இடத்தில் புதியவை வந்திருந்தாலும் அளவுகோல் மாறவில்லை. மாதக் கடைசி வாக்கில் ‘பிரிவியூ’ என்று முடியும் ஒரு அப்டேட் விருப்பத்துக்கு உரியதாக வரும். அடுத்த மாதம் எல்லோருக்கும் வரப்போகும் பாதுகாப்பு அல்லாத திருத்தங்களின் முன்னோட்டம் அது. ஏறத்தாழ ரிலீஸ் கேண்டிடேட் என்றே கொள்ளலாம். தியாகராய நகர் அலுவலகத்தில் அதை நான் போட விடுவதில்லை. செக்யூரிட்டி என்று வருவதை, முதலில் ஒரே ஒரு கணினியில் போட்டு, இரண்டு நாள் பில் அடித்து, ரிட்டர்ன் பதிவேற்றிப் பார்த்துவிட்டு மற்றவற்றில் போடச் சொல்கிறேன்.

ஒரு சொல் மட்டும் தன் பொருளை இழந்துவிட்டது. இன்றைய விண்டோஸில் `systeminfo` என்ற கட்டளையைக் கொடுத்தால், நிறுவப்பட்ட எல்லாத் திருத்தங்களும், முழுச் சோதனை முடித்து வந்த மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தம் உட்பட, `Hotfix(s)` என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. ஆகவே அந்தப் பட்டியலைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை. பவர்ஷெல்லில் `Get-HotFix` என்று கொடுத்தால் Description என்ற பத்தியில் எது Update, எது Security Update என்று பிரித்துக் காட்டும். அங்கே உண்மையிலேயே Hotfix என்று ஒன்று இருந்தால், அதை யார், எந்தக் கோளாறுக்காகப் போட்டார்கள் என்று அதன் எண்ணை வைத்துத் தேடிப் பார்க்கலாம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதற்குப் பின்னும் பேட்ச் பெற விரும்புவோருக்காக இஎஸ்யூ என்ற திட்டம் இருக்கிறது. எக்ஸ்பி காலத்தில் கோப்பின் பெயரில் `custom` என்று ஒளிந்திருந்த அதே ஏற்பாடு, இம்முறை வீட்டுக் கணினிகளுக்கும் திறந்துவிடப்பட்டு அறிவிப்பிலேயே வருகிறது. மூலையில் இருந்த அந்த எக்ஸ்பி கணினி இன்னும் இருக்கிறது. அதன் வலையமைப்புக் கம்பியை அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் திரும்ப மாட்டவில்லை.